ஏறும் இடம், லக்கேஜ், படுக்கை: இங்கிலீஷ் ஆப்பில் தொலைதூரப் பஸ் பதிவு

குன்றத்தூரில் இருப்பவர் திருநெல்வேலிக்கோ மதுரைக்கோ இரவுப் பஸ் பிடிக்க வேண்டுமானால், முதலில் பஸ் வருகிற இன்னோர் இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும். கோவூர், மௌலிவாக்கம் வழியாகப் போரூர் பக்கம் போகலாம். அவுட்டர் ரிங் ரோட்டில் ஏறி வண்டலூரில் இறங்கிக் கிளாம்பாக்கம் போகலாம். தாம்பரத்தைச் சுற்றிக்கொண்டு பெருங்களத்தூர் போகிறவர்களும் உண்டு. இதில் எங்கே, எத்தனை மணிக்கு நிற்க வேண்டும் என்பது போனில் பதிவு செய்யும்போதே முடிவாகிவிடுகிறது. பலர் அதைக் கவனிக்காமல் பணம் கட்டிவிடுகிறார்கள். காரணம், திரையில் இருப்பதெல்லாம் இங்கிலீஷ்.

ரெட்பஸ், அபிபஸ், அரசு விரைவுப் போக்குவரத்துக் கழகத்துக்கான TNSTC செயலி, எதில் பதிவு செய்தாலும் இதே கதைதான். முகப்புப் பக்கம் தமிழில் கிடைத்தாலும், ஏறும் இடங்களின் பட்டியலும் லக்கேஜ் விதியும் பஸ் கம்பெனி தட்டச்சு செய்து கொடுத்தவை. அவை பெரும்பாலும் இங்கிலீஷிலேயே கிடக்கும். அந்தப் பக்கம் முழுவதையும் படித்துப் புரிந்துகொள்ள வேண்டியதில்லை. மூன்று இடங்களில் மட்டும் கண்ணை நிறுத்தினால் போதும்: ஏறும் இடத்தின் நேரம், லக்கேஜ் வரி, இருக்கைப் படம். இந்த அத்தியாயம் அந்த மூன்றைப் பற்றியது.

உதாரணத்துக்கு ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். குன்றத்தூர் தேரடிப் பக்கம் வீடு. அறுபத்தாறு வயதுப் பெரியவர், முழங்கால் வலியுள்ள அவர் மனைவி, மருமகள், நான்கு வயதுப் பேத்தி. ஜூன் 12, வெள்ளிக்கிழமை இரவு திருநெல்வேலிக்குக் கிளம்ப வேண்டும். பெரியவரின் போனில் மருமகள் பதிவு செய்கிறாள்.

ஏறும் இடமும் நேரமும்

தேடியதும் வரும் பட்டியலில், பஸ் கம்பெனியின் பெயருக்குப் பக்கத்தில் பெரிய எழுத்தில் 21:30 என்று ஒரு நேரம் இருக்கிறது. அதை நம்பி எதையும் திட்டமிடக் கூடாது. அது பஸ் தன் முதல் நிறுத்தத்தை விட்டுப் புறப்படும் நேரம். ஆம்னி பஸ்ஸின் முதல் நிறுத்தம் பல சமயம் கோயம்பேட்டுப் பக்கம் இருக்கும். அங்கிருந்து மதுரவாயல் பைபாஸில் ஏறி, போரூர் சுங்கச்சாவடி, தாம்பரம் பைபாஸ் முடிவு, பெருங்களத்தூர், வண்டலூர் என்று வந்து கிளாம்பாக்கத்தைத் தொடும். நமக்கு வேண்டிய நேரம் உள்ளே Boarding Point என்ற தலைப்பின் கீழே இருக்கிறது. அதே பஸ்ஸுக்குப் போரூர் சுங்கச்சாவடியில் 22:05 என்றும் பெருங்களத்தூரில் 22:50 என்றும் கிளாம்பாக்கத்தில் 23:15 என்றும் போட்டிருக்கலாம். ஒரே பஸ், ஒரே டிக்கெட், ஆனால் ஒன்றேமுக்கால் மணி நேர வித்தியாசம்.

இத்தனை ஏறுமிடங்கள் இருப்பதற்கு ஒரு பின்னணி உண்டு. 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கத்தில் கலைஞர் நூற்றாண்டுப் பேருந்து முனையம் திறக்கப்பட்டது. அடுத்த மாதமே தென்மாவட்ட ஆம்னி பஸ்களும் அங்கிருந்துதான் கிளம்ப வேண்டும் என்று அரசு சொன்னது. உரிமையாளர்கள் உயர் நீதிமன்றம் போனார்கள். வழக்கு நடக்கும்போதே போரூர், சூரப்பட்டு சுங்கச்சாவடிகளில் ஆட்களை ஏற்றி இறக்க வழி கிடைத்தது. நம் பக்கத்து மக்களுக்கு அதனால் லாபம்தான். குன்றத்தூரிலிருந்து போரூர் பக்கம் கிளாம்பாக்கத்தைவிடப் பாதித் தூரத்துக்கும் குறைவு.

லாபம் என்று சொன்னேனே தவிர, இந்தக் குடும்பத்துக்குப் போரூர் சுங்கச்சாவடியை நான் சொல்ல மாட்டேன். அங்கே உட்கார இடமில்லை, மழைக்கு ஒதுங்க இடமில்லை, கழிப்பறைக்குப் போக வழியில்லை. ஆறுவழிச் சாலையோரம் லாரிகளுக்கு நடுவே நிற்க வேண்டும். ஆட்டோக்காரர் எந்தப் பக்கம் இறக்கிவிடுகிறாரோ அது தாம்பரம் நோக்கிப் போகும் பக்கம்தானா என்று முதலில் பார்க்க வேண்டும். எதிர்ப் பக்கம் நின்றுவிட்டால் பஸ் கண்ணெதிரே போகும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு பைபாஸைக் கடக்க முடியாது. ஒற்றைப் பையோடு போகிற இளைஞருக்கு அது சரி. முழங்கால் வலியோடும் குழந்தையோடும் போகிறவர்களுக்கு, பன்னிரண்டு கிலோமீட்டர் அதிகமானாலும் கிளாம்பாக்கம்தான். அங்கே நாற்காலி உண்டு, விளக்கு உண்டு, கழிப்பறை உண்டு, பஸ் தாமதமானால் டீயும் உண்டு.

அடுத்த சிக்கல் இடத்தின் பெயர். தமிழ்ப் பெயரையே ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு விதமாக எழுதும். Perungalathur, Perungulathur இரண்டும் ஒன்றே. கிளாம்பாக்கம் Kilambakkam என்றும் வரும், KCBT என்ற நான்கெழுத்தாகவும் வரும். TNSTC தளத்தில் CHENNAI-PT DR. M.G.R. BS என்று பார்த்தால் அது கோயம்பேடு. புரட்சித் தலைவர் டாக்டர் எம்.ஜி.ஆர். பேருந்து நிலையம் என்ற அதிகாரப்பூர்வப் பெயரின் சுருக்கம். எம்.ஜி.ஆர். பெயரையும் கலைஞர் பெயரையும் மாற்றி எடுத்துக்கொண்டால் முப்பது கிலோமீட்டர் தள்ளிப் போய் நிற்க நேரிடும். ஆகவே பெயரைப் படித்ததோடு விடாமல், அதன் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் அடையாளத்தையும் போன் எண்ணையும் பாருங்கள். ‘பெருங்களத்தூர்’ என்று மட்டும் இருந்தால் பாலத்துக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று அந்த எண்ணில் கேட்டுவிடுவது நல்லது. கேட்கும்போது, “அண்ணே, கிளாம்பாக்கத்துல எந்த நடைமேடைக்கு வரும்?” என்று நேராகக் கேளுங்கள். பேசுகிறவர் தமிழ்நாட்டுக்காரர்தான், திரைதான் இங்கிலீஷ் பேசுகிறது.

டிக்கெட் வந்தபிறகு அதில் இரண்டு நேரங்கள் இருக்கக் கூடும். Reporting time என்பது நீங்கள் அங்கே போய் நிற்க வேண்டிய நேரம். Departure time என்பது பஸ் அந்த நிறுத்தத்தை விட்டுக் கிளம்பும் நேரம். இரண்டுக்கும் நடுவே பெரும்பாலும் கால் மணி நேரம் இருக்கும். கிளம்பும் நேரத்துக்கு மேல் காத்திருக்கும் கடமை பஸ்ஸுக்கு இல்லை, தாமதமாக வந்தவருக்குப் பணம் திரும்பாது என்பது விதிப் பக்கத்தில் அனேகமாக எல்லாக் கம்பெனியும் போடும் வரி. பஸ் ஒரு மணி நேரம் தாமதமாக வந்தால் நாம் காத்திருக்க வேண்டும், நாம் ஐந்து நிமிடம் தாமதித்தால் அது போய்விடும். நியாயமா என்றால் இல்லை. ஆனால் பணம் கட்டும்போது அதற்குத்தான் சம்மதிக்கிறோம்.

நள்ளிரவுக் குழப்பம்

அதிகமானோர் பஸ்ஸைத் தவறவிடுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

திரையில் நேரம் 24 மணிக் கணக்கில் வரும். 23:15 என்றால் இரவு பதினொன்றே கால். 00:15 என்றால் நள்ளிரவு தாண்டிப் பதினைந்து நிமிடம். நம் பேச்சில் அதுவும் ‘வெள்ளிக்கிழமை ராத்திரி பன்னிரண்டே கால்’தான். காலண்டரில் அது சனிக்கிழமை.

மருமகள் ஜூன் 12 என்று தேடினாள். ஒரு ஆம்னி பஸ் கோயம்பேட்டில் 23:30க்குக் கிளம்புகிறது. அதே பஸ் போரூருக்கு 00:05க்கும் கிளாம்பாக்கத்துக்கு 01:00க்கும் வரும். பஸ் கிளம்பிய நாள் 12 என்பதால் அது ஜூன் 12 பட்டியலில் இருக்கிறது. ஏறும் இடத்துக்குப் பக்கத்தில் சின்னதாக 13 Jun என்று போட்டிருக்கும். இவர்கள் கிளாம்பாக்கத்தில் நிற்க வேண்டியது வெள்ளி இரவு தாண்டி, சனி அதிகாலை ஒரு மணிக்கு. இதில் குழப்பமில்லை, வெள்ளி இரவுதான் வீட்டைவிட்டுக் கிளம்புவார்கள்.

இப்போது கிளாம்பாக்கத்திலேயே பயணத்தைத் தொடங்கும் ஒரு பஸ் 00:15க்குக் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் முதல் நிறுத்தமே நள்ளிரவுக்குப் பிறகு. வெள்ளி ராத்திரி பஸ் என்று நினைத்து ஜூன் 12இல் தேடினால் 00:15 பஸ் கண்ணில் படும், பதிவும் ஆகும். ஆனால் அது வியாழக்கிழமை இரவு தாண்டிப் போகும் பஸ். வெள்ளி இரவு பெட்டியோடு போய் நிற்கும்போது அது இருபத்துநான்கு மணி நேரத்துக்கு முன்பே போயிருக்கும். அந்தப் பஸ் வேண்டுமென்றால் 13ஆம் தேதியில் தேட வேண்டும்.

ஆக, 00 என்று தொடங்கும் நேரத்தைப் பார்த்தால் பணம் கட்டும் முன் ஒரே கேள்வி போதும்: என் ஏறுமிடத்துக்குப் பக்கத்தில் என்ன தேதி எழுதியிருக்கிறது? அந்தத் தேதியின் முந்தைய நாள் இரவுதான் நான் வீட்டைப் பூட்டிக் கிளம்ப வேண்டும். வீட்டில் பெரியவர்களுக்குச் சொல்லும்போதும் ‘12ஆம் தேதி ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் கிளம்புகிறோம்’ என்று சொல்லுங்கள். ‘13ஆம் தேதி பஸ்’ என்று சொன்னால் அவர்கள் 13 மாலை பெட்டி கட்டத் தொடங்குவார்கள்.

இந்தக் குடும்பம் கடைசியில் 23:15 பஸ்ஸை எடுத்தது. குழந்தை இருப்பதால் அதுவே சரி. வீட்டைவிட்டு எப்போது கிளம்புவது? சாதாரண நாளில் அவுட்டர் ரிங் ரோட்டில் காரில் முக்கால் மணி நேரம் போதும். வெள்ளிக்கிழமை இரவு அப்படியில்லை. ரிங் ரோடு காலியாகக் கிடக்கும்; இறங்கி ஜி.எஸ்.டி. சாலையில் சேரும் வண்டலூரில்தான் கழுத்துப்பிடி. கடைசி இரண்டு மூன்று கிலோமீட்டருக்கே அரை மணி நேரம் போகலாம். 21:30க்கு வீட்டைவிட்டுக் கிளம்பச் சொல்வேன். தீபாவளி, பொங்கலுக்கு முந்தைய நாள்களில் இன்னும் ஒரு மணி நேரம் முன்னதாக.

லக்கேஜ் வரி

இருக்கைப் பக்கத்திலோ பணம் கட்டும் முன்போ Luggage policy என்ற தலைப்பு வரும். அதைத் தொட்டால் இரண்டு மூன்று வரிகள் விரியும். ரெட்பஸ்ஸில் அடிக்கடி காணப்படும் வரி, ஒரு பயணிக்கு இரண்டு லக்கேஜ் இலவசம், அதற்கு மேல் உள்ளவற்றுக்குக் கட்டணம் என்கிறது. கூடவே, ஒரு பயணிக்குப் பத்துக் கிலோவுக்கு மேல் போனால் கட்டணம் என்ற வரியும் வருவதுண்டு. கிலோக் கணக்கு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். இங்கிலீஷ் தெரியாதவர் தேட வேண்டியது வரியில் உள்ள எண்ணையும் அதன் பக்கத்துச் சொல்லையும்தான். pieces என்றால் உருப்படிக் கணக்கு, kg என்றால் எடைக் கணக்கு, chargeable என்றால் காசு, not allowed என்றால் ஏற்றவே மாட்டார்கள்.

இரண்டு கணக்கும் சேர்ந்து இருந்தால் இரண்டும் பொருந்தும். நம் குடும்பத்தைப் பாருங்கள். டிக்கெட் மூன்று பெரியவர்களுக்கு. நான்கு வயதுப் பேத்திக்கு ஆம்னி பஸ்ஸில் பெரும்பாலும் டிக்கெட் தேவையில்லை; ஐந்து வயதுக்கு மேல் போனால் எடுக்க வேண்டும். அரசு பஸ்ஸிலும் ஐந்து வயதுவரை கட்டணமில்லை. டிக்கெட் இல்லாத குழந்தைக்கு லக்கேஜ் கணக்கும் இல்லை. ஆக, ஆறு உருப்படி, முப்பது கிலோ. இவர்கள் கட்டி வைத்திருப்பது இரண்டு டிராலிப் பெட்டிகள், பதினான்கும் பதினாறும். ஒரு துணிப்பை ஆறு. தங்கச்சி வீட்டுக்குக் கொண்டுபோகும் மிக்ஸி, அட்டைப்பெட்டியில், எட்டு. சாப்பாட்டுப் பை மூன்று. உருப்படி ஐந்துதான், ஆனால் எடை நாற்பத்தேழு. உருப்படிக் கணக்கில் தேறுகிறது, எடைக் கணக்கில் பதினேழு கிலோ அதிகம்.

எடையை வீட்டிலேயே பார்த்துவிடலாம். எடை மெஷினில் நீங்கள் நின்று ஒரு முறை, பெட்டியைத் தூக்கிக்கொண்டு நின்று ஒரு முறை. கழித்தால் பெட்டியின் எடை.

நடைமுறையில் என்ன நடக்கும் என்றால், டிக்கி பக்கம் நிற்கும் கிளீனரிடம் தராசு இருக்காது. அவர் கண்ணால் எடை போடுகிறவர். சக்கரம் வைத்த சூட்கேஸைப் பார்த்தால் அவருக்கு அது பயணியின் பெட்டி. பதினாறு கிலோ என்றாலும் பெரும்பாலும் பேசாமல் உள்ளே தள்ளிவிடுவார். அட்டைப்பெட்டி, சாக்கு மூட்டை, கயிறு கட்டிய பொட்டலம் மூன்றையும் பார்த்தால் அது பார்சல். எட்டுக் கிலோ என்றாலும் “இது என்னம்மா, பார்சலா? தனியா பில் போடணும்” என்பார். தொலைதூரப் பஸ்களுக்குப் பார்சல் ஒரு தனி வருமானம் என்பதால் அந்தக் கண் கூர்மையானது. எனவே மிக்ஸியை அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்து, துணி சுற்றி டிராலிப் பெட்டியின் நடுவில் வையுங்கள். துணிகளை வெளியே எடுத்துத் துணிப்பையில் போடுங்கள். மொத்த எடை ஏறக்குறைய அதேதான், பேச்சு மட்டும் வராது. ஆனால் விதிப்படி அவர் கேட்டால் கொடுக்க வேண்டியதுதான். கேட்டால் ரசீது கேளுங்கள். ரசீது கேட்டதும் தொகை குறைவதும் உண்டு.

ஏற்றவே கூடாதவை தனி. பட்டாசு, பெட்ரோல், மண்ணெண்ணெய், கேஸ் சிலிண்டர். தீபாவளிக்கு முன் சிவகாசிப் பக்கமிருந்து திரும்பும்போது ‘ரெண்டே பெட்டிதானே’ என்று பட்டாசைத் துணிக்குள் ஒளிப்பவர்கள் இருக்கிறார்கள். டிக்கிக்கு மேலேதான் முப்பது பேர் படுத்துத் தூங்குகிறார்கள். செல்லப் பிராணிகளையும் பெரும்பாலான கம்பெனிகள் ஏற்றுவதில்லை. Pets என்ற சொல் வந்தால் அந்த வரிதான்.

டிக்கியில் வைக்கும்போது இரண்டு காரியம் செய்ய வேண்டும். முதலாவது, எந்த ஊரில் இறங்குகிறீர்கள் என்று கிளீனரிடம் சொல்வது. பஸ் நாகர்கோவில் வரை போகிறது, நீங்கள் திருநெல்வேலி என்றால் உங்கள் பெட்டி வாயோரம் இருக்க வேண்டும். சொல்லாவிட்டால் அது உள்ளே போய்விடும், வண்ணார்பேட்டையில் அதிகாலையில் பத்துப் பெட்டிகளை வெளியே எடுத்துத்தான் அதைத் தேட முடியும். இரண்டாவது, டோக்கன் கொடுத்தால் வாங்கிக்கொள்வது. கொடுக்காவிட்டால் பெட்டி உள்ளே இருக்கும் நிலையில் டிக்கிக் கதவோடு ஒரு போட்டோ. பெட்டி தொலைந்தால் பொறுப்பில்லை என்ற வரியும் விதிப் பக்கத்தில் சாதாரணமாக இருக்கும். அதனால் நகை, மாத்திரை, அடையாள அட்டை, குழந்தையின் மாற்றுத் துணி இவை தோளில் மாட்டும் சிறிய பையில் உங்களோடு வரட்டும். பை சிறியதாக இருக்க வேண்டும் என்று அழுத்திச் சொல்கிறேன். ஸ்லீப்பர் பஸ்ஸில் தலைக்கு மேல் பரண் கிடையாது. ஆறடிப் படுக்கையில் கால்மாட்டில் ஒன்றரை அடிப் பை வைத்தால் இரவு முழுக்கக் காலை மடக்கித்தான் படுக்க வேண்டும்.

இருக்கைப் படம்

இருக்கை தேர்ந்தெடுக்கும் பக்கம் மூன்றிலும் சுலபமானது. அது படம் என்பதால் மொழி அதிகம் தேவையில்லை. ஆனால் படத்தை எப்படிப் பிடிப்பது என்று தெரிய வேண்டும். ஒரு மூலையில் ஸ்டியரிங் சக்கரம் வரைந்திருக்கும். அதுதான் பஸ்ஸின் முன்பக்கம், அது இருக்கும் பக்கம்தான் டிரைவர் பக்கம், அதாவது வலது பக்கம். அதிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு பின்னால்.

ஸ்லீப்பரில் படம் இரண்டாக வரும். Lower என்பது கீழ்ப் படுக்கை, Upper என்பது மேல் படுக்கை. 2+1 என்று போட்டிருந்தால் நடைபாதையின் ஒரு பக்கம் இரட்டைப் படுக்கை, மறுபக்கம் ஒற்றைப் படுக்கை. Seater என்றால் உட்காரும் இருக்கை, Semi Sleeper என்பதும் சாய்ந்து உட்காரும் இருக்கைதான்; ஸ்லீப்பர் என்ற சொல்லைப் பார்த்துப் படுத்துப் போகலாம் என்று நினைத்துவிட வேண்டாம். சில பஸ்களில் கீழே இருக்கையும் மேலே படுக்கையும் கலந்திருக்கும். அங்கே முழங்கால் வலிக்காரருக்கு இரண்டுமே கஷ்டம்: மேலே ஏற முடியாது, கீழே இரவு முழுவதும் காலைத் தொங்கப் போட வேண்டும். அவருக்கு அந்த வகைப் பஸ்ஸே வேண்டாம். மேல் படுக்கைக்கு ஏணி என்று இருப்பது பாதம் பாதி மட்டும் வைக்கக்கூடிய இரண்டு மூன்று இரும்புப் படி. ஏறுவதைவிட, சாப்பாட்டுக்கு நிறுத்தும்போது தூக்கக் கலக்கத்தில் இறங்குவதுதான் ஆபத்து.

குலுக்கலுக்கு ஒரு கணக்கு உண்டு. சாதாரண ஸ்லீப்பரில் ஐந்து அல்லது ஆறு வரிசை இருக்கும். பின்சக்கரம் கடைசிக்கு முந்தைய வரிசையை ஒட்டி வரும். அந்தச் சக்கரத்துக்குப் பின்னால் இருப்பதெல்லாம் அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி. ஒவ்வொரு வேகத்தடைக்கும் தூக்கிப் போடும். மேல் படுக்கை குதிப்பதைவிட அதிகமாகப் பக்கவாட்டில் ஆடும். வாந்தி வருகிறவர்களுக்கு அந்த ஆட்டம்தான் ஆகாது. ஆகவே இடுப்புவலி, முழங்கால்வலி, குமட்டல் எது இருந்தாலும் கீழ்ப் படுக்கை, இரண்டாவது அல்லது மூன்றாவது வரிசை. முதல் வரிசையில் குலுக்கல் குறைவு, ஆனால் டிரைவர் கேபின் கதவு திறந்து மூடும் சத்தமும் போன் பேச்சும் விழும். கம்பெனிக்கும் இது தெரியும். அதனால்தான் ஒவ்வொரு படுக்கைக்கும் கீழே வேறு வேறு விலை போட்டிருப்பார்கள். கடைசி வரிசை மலிவாகத் தெரிந்தால் மகிழ்ச்சியடைய ஒன்றுமில்லை.

இரட்டைப் படுக்கையில் நிறத்தைக் கவனியுங்கள். பக்கத்துப் படுக்கையைப் பெண் எடுத்திருந்தால் இந்தப் படுக்கை இளஞ்சிவப்பு ஓரத்தோடு வரும். பெண்ணுக்கு மட்டுமே கிடைக்கும். மருமகளும் பேத்தியும் எப்படிப் படுப்பது என்பதில் இது முக்கியம். இரட்டைப் படுக்கையில் ஒரு பாதியை மட்டும் எடுத்தால், மறுபாதிக்கு முன்பின் தெரியாத ஒரு பெண் வருவார். நான்கு வயதுக் குழந்தை நடுவில் என்றால் மூன்று பேருக்குமே தூக்கம் போச்சு. ஒற்றைப் படுக்கையில் தாயும் குழந்தையும் ஒட்டிப் படுத்துக்கொள்ளலாம், ஆனால் நெருக்கடிதான். பெரியவருக்கும் அவர் மனைவிக்கும் கீழே ஒரு முழு இரட்டைப் படுக்கை, மருமகளுக்கு அதே வரிசையில் எதிரே கீழ் ஒற்றைப் படுக்கை. குழந்தை நடுராத்திரி அழுதால் பாட்டி கை நீட்டித் தொடும் தூரம். கீழ் ஒற்றை கிடைக்காவிட்டால் மருமகளும் பாட்டியும் குழந்தையும் கீழ் இரட்டையில், பெரியவர் மட்டும் வேறு இடத்தில். குழந்தையை மேல் படுக்கையில் படுக்க வைக்கக் கூடாது. தடுப்புக் கம்பி முழு நீளத்துக்கும் இருக்காது.

இருக்கை எடுத்ததும் பயணி விவரத்தில் Male, Female என்று கேட்கும். அவசரத்தில் எல்லோருக்கும் ஒன்றையே தொட்டுவிடுகிறவர்கள் உண்டு. தாத்தாவின் படுக்கையைப் பெண்ணின் பெயரில் போட்டுவிட்டால் பக்கத்துக் கணக்கெல்லாம் மாறும். ஏறும்போது பெயரைச் சரிபார்க்கிறவர் கேள்வி கேட்பார். எந்தப் படுக்கைக்கு யார் பெயர் என்பதையும் சரியாகக் கொடுங்கள். மூவரும் ஒரே குடும்பம் என்பது திரைக்குத் தெரியாது.

ஏறியவுடன் செய்ய வேண்டியது ஒன்று. அவசர வழி எங்கே, கண்ணாடியை உடைக்கும் சுத்தி எங்கே என்று பாருங்கள். 2025 அக்டோபர் 24 அதிகாலை கர்னூல் அருகே ஐதராபாத்திலிருந்து பெங்களூரு போன ஸ்லீப்பர் பஸ் தீப்பிடித்தபோது பெரும்பாலானோர் தூக்கத்தில் இருந்தார்கள். உயிர் பிழைத்தவர்களில் பலர் ஜன்னலை உடைத்து வெளியே வந்தவர்கள். திரைச்சீலையை இழுத்துவிட்டால் ஸ்லீப்பரில் எல்லாச் சுவரும் ஒன்றுபோலத் தெரியும், அதனால் விளக்கு எரியும்போதே பார்த்துக்கொள்ள வேண்டும்.

கிளம்பும் நாள் மாலை

பஸ் கிளம்புவதற்குச் சில மணி நேரம் முன் குறுஞ்செய்தி வரும். அதில் பஸ் எண்ணும் ஊழியரின் கைபேசி எண்ணும் இருக்கும். கிளாம்பாக்கத்தில் ஒரே கம்பெனியின் இரண்டு மூன்று பஸ்கள் அடுத்தடுத்து நிற்கும். TN என்று தொடங்கும் அந்த எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தைப் பெரியவருக்கும் சொல்லி வையுங்கள். பஸ் எங்கே வருகிறது என்று வரைபடத்தில் காட்டும் இணைப்பும் வரலாம். அதில் பஸ் இன்னும் கோயம்பேட்டிலேயே நின்றால் அவசரப்பட வேண்டாம், ஆனால் அதைக் காரணமாக வைத்து வீட்டிலேயே உட்கார்ந்திருக்கவும் வேண்டாம்; பைபாஸில் அது வேகம் பிடித்துவிடும். ஆட்களிடம் அசல் அடையாள அட்டை இருக்கட்டும், அரசு பஸ்ஸில் அதைக் கேட்பார்கள்.

திரும்பும் டிக்கெட்டையும் அன்றே போடுகிறவர்கள் லக்கேஜ் வரியைத் திரும்பவும் படியுங்கள், வேறு கம்பெனி என்றால் வேறு விதி. போகும்போது நாற்பத்தேழு கிலோ இருந்தது திரும்பும்போது குறையாது. ஊரில் ஒரு சிப்பம் அரிசி கொடுத்தனுப்புவார்கள், அதுவே இருபத்தாறு கிலோ. அதோடு ஒரு சாக்குத் தேங்காய். இவை எந்தக் கிளீனர் கண்ணுக்கும் தப்பாத பார்சல்கள். கிளம்பும் நாள் காலையிலேயே பஸ் ஆபீஸில் போய்ப் பார்சலாகப் போட்டு ரசீது வாங்கினால், ராத்திரி டிக்கி வாசலில் பேரம் பேச வேண்டியிருக்காது. அதைக் கிளாம்பாக்கத்தில் இறக்கச் சொல்லி எழுதி வாங்குங்கள். ‘சென்னை’ என்று மட்டும் எழுதினால் அது கோயம்பேட்டுப் பக்கம் போய் இறங்கும், குன்றத்தூரிலிருந்து அதை எடுக்கப் போகிற ஆட்டோ செலவு அரிசி விலையில் பாதியைத் தின்னும்.